யன்னல், மேசை விளக்கு, பிளாஷ்: ஒரே முகத்தில் மூன்று வெளிச்சம்

பெரியம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று தங்கச்சி கேட்டாள். யன்னல் வெளிச்சம்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வோம். ஏன் நல்லது, மற்ற இரண்டிலும் எது குறைகிறது என்பதை ஒரே முகத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கனநாள் ஆசை. பெரியம்மாவும் சம்மதித்தார். உப்புவெளியில் அவருடைய வீட்டு முன்னறையிலேயே எல்லாப் படங்களையும் எடுத்தேன்.

ஒப்பிடுவதென்றால் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது. கதிரை அதே இடம், கமரா முக்காலியில், 85 மி.மீ. லென்ஸ். வெளிச்சம் எப்போதும் முகத்துக்கு ஒரு பக்கமாக, கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தில். வெளிச்சம் விழும் கன்னம் மூன்று படத்திலும் ஒரே அளவு பிரகாசமாக வரும்படி எக்ஸ்போஷரைச் சரிசெய்தேன். இது முக்கியம். ஒரு படம் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தாலே அதன் நிழல் மென்மையாக இருப்பதுபோலக் கண்ணுக்குப் படும்.

நிழலைப் பார்க்க நான் தேர்ந்த இடம் மூக்கு. மூக்கின் நிழல் கன்னத்தில் விழுகிற ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். மூக்கு நுனிக்கும் நிழல் விழும் இடத்துக்கும் இடையே சுமார் 3 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தை வெளிச்சத்தின் அகலத்தால் பெருக்கி, வெளிச்சம் இருக்கும் தூரத்தால் வகுத்தால், நிழலின் ஓரம் எவ்வளவு அகலத்துக்குக் கரைகிறது என்று தெரிந்துவிடும். யன்னல் ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் தூரம். அப்படியென்றால் ஓரம் 3 செ.மீ. அகலத்துக்குக் கரையும். உண்மையிலும் யன்னல் படத்தில் மூக்கு நிழலுக்கு ஓரம் என்று ஒன்றே தெரியவில்லை. மேசை விளக்கின் மூடியைக் கழற்றிவிட்டு வைத்த பல்ப் 6 செ.மீ. அகலம். கணக்குப்படி 2 மி.மீ.கூட இல்லை. படத்தில் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது.

பிளாஷின் முகப்பும் கிட்டத்தட்ட அந்த பல்பின் அளவுதான். அதனால் விளக்குப் படத்திலும் பிளாஷ் படத்திலும் நிழலின் ஓரம் ஒரே மாதிரி கூர்மையாக வந்தது. பலர் இதை நம்ப மாட்டார்கள். விளக்கு மஞ்சளாக, இதமாக இருப்பதால் நிழலும் மென்மை என்று நினைத்துவிடுகிறோம். ஓரத்துக்கு நிறமும் தெரியாது, அது பிளாஷா பல்பா என்றும் தெரியாது. அளவும் தூரமும்தான் கணக்கு.

ஆனால் அந்த இரண்டு படங்களும் ஒன்றுபோல இல்லை. பிளாஷ் படத்தில் நிழல் கறுத்துக் கிடந்தது, விளக்குப் படத்தில் உள்ளே கன்னத்தின் சுருக்கம்கூடத் தெரிந்தது. காரணம், பல்ப் எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலை நிரப்புகிறது. பிளாஷ் நேரே முகத்தை நோக்கி மட்டும் அடிக்கிறது. ஓரம் எவ்வளவு கரைகிறது என்பது ஒன்று, நிழல் எவ்வளவு கறுப்பு என்பது வேறொன்று. இரண்டையும் சேர்த்து ‘சொஃப்ட்’ என்று சொல்லும்வரை எதைத் திருத்துவதென்றே பிடிபடாது. நிழல் கறுப்பென்றால் மறுபக்கம் ஒரு வெள்ளை ரிஜிபோம் அட்டையைப் பிடித்தால் போதும். ஓரம் கூர்மையென்றால் அட்டை உதவாது, வெளிச்சத்தையே பெரிதாக்க வேண்டும்.

யன்னலும் எந்நேரமும் மென்மையில்லை. இந்த யன்னல் கிழக்கே, கடலைப் பார்த்தது. காலையில் வெயில் நேரே உள்ளே விழும்போது வெளிச்சம் தருவது யன்னல் இல்லை, சூரியன். அப்போது எடுத்த படத்தின் நிழல்தான் எல்லாவற்றிலும் கூர்மை. ஒரு வெள்ளை வேட்டியை யன்னலில் கட்டலாம், அல்லது வெயில் கூரைக்கு மேலே ஏறும்வரை காத்திருக்கலாம். நான் காத்திருந்தேன். கதிரையை அறையின் உட்பக்கம் மூன்று மீற்றர் தள்ளிப் போட்டும் ஒன்று எடுத்தேன். அதே யன்னல், ஆனால் மூக்கு நிழலுக்கு ஓரம் தெரியத் தொடங்கிவிட்டது.

அப்புறம் நிறம். ஒவ்வொரு வெளிச்சத்திலும் முதலில் ஒரு சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து எடுத்து, அதை வைத்து வைட் பேலன்ஸ் சரிசெய்தேன். வெறும் ஏ4 தாளும் உதவும், ஆனால் தாளை வெள்ளையாக்கச் சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் சற்று நீலமாக ஒளிரும், அதனால் படம் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும். அட்டையை வைத்துத் திருத்தியதும் யன்னல் படமும் பிளாஷ் படமும் நிறத்தில் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன. விளக்குப் படம் சேரவில்லை. மஞ்சள் போய்விட்டது, ஆனால் முகம் மண்நிறமாக, உயிரில்லாமல் இருந்தது. பெரியம்மா திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது என்ர நிறமில்லையே, காய்ச்சல்காரி மாதிரி இருக்கு” என்றார்.

அவருடைய நெற்றிப் பொட்டுத்தான் காரணத்தைக் காட்டியது. யன்னலிலும் பிளாஷிலும் குங்குமம் பளிச்சென்ற சிவப்பு. விளக்கில் அதே பொட்டு செங்கல் நிறம். மலிவான எல்ஈடி பல்ப் பலவற்றின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. நம்முடைய மாநிறத் தோலுக்கு உயிர் கொடுப்பதே அந்தச் சிவப்பு. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை வைட் பேலன்ஸ் கொண்டுவர முடியாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் எண்ணான சிஆர்ஐ 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு பல்பை வாங்கி மாட்டினேன், பொட்டு மறுபடி சிவந்தது, கன்னமும் தெளிந்தது. விளக்கில் படம் எடுப்பவர்கள் முதலில் ஒரு குங்குமப் பொட்டை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சில எல்ஈடி பல்ப்கள் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் படத்தில் கோடு விழாது.

யன்னல் படத்திலும் ஒரு குறை இருந்தது. நிழல்பக்கக் கன்னம் லேசாகப் பச்சை. அந்தப் பக்கச் சுவருக்கு வெளிர்பச்சைப் பூச்சு. முழுப்படத்தையும் திருத்தினால் மற்றக் கன்னம் ஊதா பக்கம் போய்விடும். சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டதும் பச்சை போய்விட்டது, நிழலும் கொஞ்சம் வெளுத்தது.

கச்சான் காற்றுக் காலம், வியர்வை நிற்கவேயில்லை. பிளாஷ் படத்தில் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளிகள் எரிந்தன, யன்னலில் அதே வியர்வை பரந்த மினுக்கமாக மட்டும் தெரிந்தது. பவுடர் போட்டுப் பார்த்தோம், பிளாஷில் முகம் சாம்பல் பூசியதுபோல ஆனது. கைலேஞ்சியால் ஒற்றி எடுப்பதே நல்லது.

பிளாஷை நான் ஒதுக்கிவிடவில்லை. மேலே அடித்துத் திருப்பலாமென்றால் ஓட்டுக்கூரை, வெள்ளைத் தட்டில்லை. அதனால் யன்னல் இருந்த பக்கத்தில் கொடி கட்டி, இன்னொரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டு, பிளாஷை முகத்துக்கு முதுகு காட்டி அந்த விரிப்பில் ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒளி பரவும்படி அடித்தேன். ஒளி நிறையக் குறையும், ஐஎஸ்ஓவை 100இலிருந்து 800க்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் மூக்கு நிழலின் ஓரம் யன்னலில்போலவே கரைந்துவிட்டது, பொட்டும் சிவப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது தங்கச்சிக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒன்றில் கருவிழியில் யன்னல் கம்பிகள், மற்றதில் விரிப்பின் மடிப்பு.

சுவருக்கு யன்னல் படமே போகிறது. மாமாவுக்கு வேலை முடிந்து இரவில்தான் வரமுடியும், அவருடைய படத்தை விரிப்பும் பிளாஷும் வைத்து எடுப்பதாக இருக்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான், இல்லாவிட்டால் ஒரு கன்னத்தில் வெள்ளையும் மறு கன்னத்தில் மஞ்சளும் கலந்து எந்த வைட் பேலன்ஸுக்கும் அடங்காது.