பதவி உயர்வுக் கோப்பில் ஒரே ஒரு பாடம்

கோப்பு ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. சான்றிதழ்கள், பணிப்பதிவு எல்லாம் சிக்கலில்லாமல் போயின. இழுத்தடித்தது, திட்டமிட்டு நடத்திய ஒரு பாடத்தைப் பற்றிய சுய மதிப்பீட்டு அறிக்கைதான்.

நான் எடுத்துக்கொண்டது தசம எண்களை ஒப்பிடும் பாடம். பாடக்குறிப்பு, புகைப்படங்கள், தேர்வின் சராசரி மதிப்பெண் என்று படிவம் கேட்டதையெல்லாம் வைத்திருந்தேன். ஆனாலும் "கற்றல் விளைவுக்குச் சான்று இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. எந்த மாதிரிச் சான்று வேண்டும் என்று நேரில் போய்க் கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

காப்பாற்றியது, பாடத்துக்கு முன் பிள்ளைகள் எழுதித் தந்த துண்டுத்தாள்கள். அதில் இரண்டே கேள்விகள்: 0.4, 0.35 இவற்றில் எது பெரியது? 0.2, 0.57 இவற்றில் எது பெரியது? ஒரு மாணவி முதல் கேள்விக்கு 0.35 என்று எழுதியிருந்தாள். 35 என்பது 4-ஐவிடப் பெரியது என்பது அவள் கணக்கு. அதே கணக்கில் இரண்டாவது சரியாகிவிட்டது. இன்னொரு மாணவன் நேர்மாறு. நூறில் ஒரு பங்கு சிறியது, அதனால் இலக்கம் கூடினால் எண் சிறியது என்று நினைத்திருந்தான். முதலாவது சரி, இரண்டாவது தவறு. இருவருக்கும் ஒரே மதிப்பெண், குழப்பமோ வேறு வேறு. சராசரி இதைக் காட்டவே காட்டாது.

அறிக்கையை இதிலிருந்தே தொடங்கித் திரும்ப எழுதினேன். நூறு கட்டமுள்ள சதுரத்தில் 0.4-க்கு வண்ணமடிக்கச் சொன்னது ஏன் என்பதற்கு இப்போது காரணம் கிடைத்தது: நான்கு முழு வரிசை, அதாவது 40 கட்டம், 35-ஐத் தாண்டுவதை அந்த மாணவி கண்ணால் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து வேறு எண்கள் கொடுத்தபோது "நாலு வரிசைன்னா நாற்பது, அதான் பெரிசு" என்று அவளே எழுதிய காரணத்தை முன் பின் தாள்களாக அருகருகே ஒட்டினேன். 0.3-உம் 0.30-உம் ஒன்றுதான் என்பது பலருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதையும், அடுத்த பாடத்தில் அதற்கு என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சேர்த்தேன். நேர்காணலில் அதிகம் கேட்டது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

சரி, அத்தோடு முடிந்ததா? தாள்களில் பிள்ளைகளின் பெயர் தெரிகிறது என்று எழுத்தர் கோப்பை வாங்கவே இல்லை. இதையும் முன்பே யாரும் சொல்லவில்லை. பெயரை மறைத்து மாணவர் அ, மாணவர் ஆ என்று குறித்துக் கொடுத்த பிறகே வாங்கிக்கொண்டார். நீங்கள் தயாரிப்பதாக இருந்தால் நகல் எடுக்கும்போதே பெயரை மறைத்துவிடுங்கள். பாடத்துக்கு முந்தைய தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது.