பணம் என்னிடம் இருந்தது, இடம்தான் அவரிடம் இல்லை

பிட்காயினின் மிகச் சிறிய அலகான சடோஷியில் ஒன்றரை லட்சம் அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது. அதில் ஒரு நாள் முழுவதும், கோளாறு என் பக்கம்தான் இருக்கிறது என்று நம்பியே வீணாயிற்று. பிட்காயினை விரைவாக அனுப்ப உதவும் வலைப்பின்னலான லைட்னிங்கைப் பொழுதுபோக்காக ஓட்டிப் பார்க்கும் இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அந்த வலைப்பின்னலில் ஒரு கணினி முனையாக, எல்.என்.டி மென்பொருளில் ஓடும் ஒரு நோடு வைத்திருக்கிறேன். சேனல் என்பது இரண்டு நோடுகள் தங்களுக்குள் ஒரு தொகையைப் பூட்டி வைத்து, அதை இப்பக்கமும் அப்பக்கமும் நகர்த்திக்கொள்ளும் இணைப்பு. என் நோடில் நானே திறந்த 10,00,000 சடோஷி சேனல் ஒன்று இருந்தது. செலவே செய்யாததால் கிட்டத்தட்ட முழுத் தொகையும் என் பக்கமே இருந்தது. நண்பர் ஒருவரிடம் வாங்கிய பழைய வன்பொருளுக்கு 1,50,000 சடோஷி தர வேண்டும். அவர் இன்வாய்ஸ் அனுப்பினார், நான் செலுத்தினேன், திரையில் `FAILURE_REASON_NO_ROUTE` என்று வந்தது.

இந்தச் செய்தியை அப்படியே நம்பியதுதான் என் முதல் தவறு. 'வழி இல்லை' என்றால் வலைப்பின்னலில் என்னிடமிருந்து அவருக்குப் பாதையே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் பாதை இருந்தது: என் நோடு, அதன் சேனல் கூட்டாளி (அ என்று வைத்துக்கொள்வோம்), அடுத்து ஆ, ஆவிடமிருந்து நண்பர். அந்தச் செய்தியின் பொருள் வேறு. முயன்ற பாதைகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போய், அந்தத் தோல்விகளை நினைவில் வைத்துக்கொண்ட என் நோடு, இனி முயலத் தக்க பாதை எதுவும் மிச்சமில்லை என்று கைவிட்டிருக்கிறது.

எங்கள் வட்டத்தில் அனுபவசாலி என்று பெயரெடுத்த ஒருவரிடம் கேட்டேன். "உன் சேனல் சின்ன நோடோடு இருக்கிறது, பெரிய நோடு ஒன்றோடு இன்னொரு சேனல் திற" என்றார், திரையில் வந்த அட்டவணையைப் பார்க்காமலே. நானும் அதைப் பார்க்காமலே இன்னொரு 10,00,000 சடோஷியைப் போட்டுச் சேனல் திறந்தேன். பிளாக்செயின் கட்டணம் போனது, உறுதிப்படுத்தல்களுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன், மறுபடி செலுத்தினேன். அதே தோல்வி.

அதன் பிறகுதான் அட்டவணையை உட்கார்ந்து படித்தேன். `lncli payinvoice` ஒவ்வொரு முயற்சியையும் ஒரு வரியாகக் காட்டும்; தோற்ற வரியில் பிழையின் பெயரும், பாதையில் எத்தனையாவது நோடு அந்தப் பிழையைத் திருப்பி அனுப்பியது என்பதும் இருக்கும். என் வரிகளில் இருந்த பிழை `TEMPORARY_CHANNEL_FAILURE`. அதை அனுப்பிய நோடு, பழைய சேனல் வழியே போனாலும் புதிய சேனல் வழியே போனாலும், எப்போதும் ஆதான். அதாவது பணம் ஆ வரை தடையின்றிப் போயிருக்கிறது. ஆவிடமிருந்து நண்பருக்குப் போகும் கடைசிச் சேனலில்தான் நின்றிருக்கிறது. பிழை முதல் நோடிலிருந்தே வந்திருந்தால் புதிய சேனல் உதவியிருக்கலாம். கடைசிக் கதவு அடைத்திருக்கும்போது, தெருவின் இந்தக் கோடியில் எத்தனை வழி திறந்தும் பயனில்லை.

ஆனால் அந்தக் கடைசிச் சேனலின் அளவு 5,00,000 சடோஷி என்று எல்லோருக்கும் தெரியும்படியே அறிவிக்கப்பட்டிருந்தது. ஒன்றரை லட்சம் ஏன் போகவில்லை? அறிவிக்கப்படுவது சேனலின் மொத்தக் கொள்ளளவு மட்டுமே. அந்த ஐந்து லட்சத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பது சேனலின் இரு முனையிலும் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அறிவிக்கப்படுவதில்லை. அனுப்புபவரின் நோடு குத்துமதிப்பாக முயன்று, தோற்றுத்தான் தெரிந்துகொள்கிறது.

நண்பரை `lncli listchannels` கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவரிடம் இருந்தது அந்த ஒரே சேனல். அதை அவரே திறந்ததால் தொடக்கத்தில் முழுத் தொகையும் அவர் பக்கமே இருந்தது. பிறகு 1,20,000 சடோஷி செலவழித்திருக்கிறார். அவர் செலவழித்த அந்தத் தொகைதான் ஆவின் பக்கம் சேர்ந்திருந்தது, `remote_balance` என்ற வரியில் அதையே பார்த்தோம். ஆ அவருக்குத் தர முடிவது அதிலிருந்து மட்டுமே. அதுவும் முழுதாகத் தர முடியாது: ஒவ்வொரு தரப்பும் சேனலில் ஒரு காப்புத் தொகையை எப்போதும் விட்டுவைக்க வேண்டும், இந்தச் சேனலில் அது நூற்றுக்கு ஒன்று, அதாவது 5,000. ஆக நண்பரால் பெற முடிந்த உச்சம் 1,15,000 சடோஷி. நான் அனுப்ப முயன்றது 1,50,000.

விந்தை என்னவென்றால், என் அட்டவணை இந்த எண்ணை முன்பே ஏறக்குறையச் சொல்லிவிட்டிருந்தது. முழுத் தொகை தோற்றதும் என் நோடு அதைப் பாதியாகப் பிரித்திருக்கிறது. முதல் 75,000 போய்ச் சேர்ந்து காத்திருந்தது. அடுத்த 75,000 தோற்றது. அதில் பாதியான 37,500 போய்ச் சேர்ந்தது. மிச்சமிருந்த 37,500 தோற்றது, அதன் பாதியும் தோற்றது, அதற்கு மேல் பிரித்தால் துண்டு 10,000 சடோஷிக்குக் கீழே போய்விடும் என்பதால் நோடு நிறுத்திக்கொண்டது. போய்ச் சேர்ந்த இரண்டையும் கூட்டினால் 1,12,500. பிரித்து அனுப்பினால் போய்விடும் என்று பலர் சொல்வது பெறுபவருக்குப் பல சேனல்கள் இருக்கும்போதுதான் பலிக்கும். ஒரே சேனல் என்றால் எத்தனை துண்டாக்கினாலும் அந்த ஒரே வாய்க்குள்தான் நுழைய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போய்ச் சேர்ந்த துண்டுகளை நண்பரின் நோடு, மீதி வருமென்று ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்து வைத்திருந்து பிறகே திருப்பிவிட்டது. அதுவரை என் திரையில் `IN_FLIGHT` என்றே இருந்தது. பொறுமையிழந்து புதிய இன்வாய்ஸ் கேட்டுச் செலுத்தவிருந்தேன். அப்படிச் செய்திருந்தால், முதல் முயற்சியும் பின்னால் நிறைவேறிவிடக்கூடிய நிலையில் இரண்டு முறை பணம் போயிருக்கலாம். பழைய முயற்சி தோற்றது என்று உறுதியாகும் வரை புதிய இன்வாய்ஸைத் தொடவே கூடாது.

தீர்வு நண்பரின் கையில் இருந்தது. அவர் தம் பக்கமிருந்த பணத்தில் 2,00,000 சடோஷியை ஒரு ஸ்வாப் சேவை வழியாக லைட்னிங்கிலிருந்து தம்முடைய சொந்த பிட்காயின் முகவரிக்கு வெளியேற்றினார். கட்டணம் போக, பணம் அவரிடமே இருந்தது. சேனலில் மட்டும் அவ்வளவு தொகை ஆவின் பக்கம் நகர்ந்து, அவர் பெறக்கூடிய அளவு 3,15,000 ஆயிற்று.

உற்சாகமாகச் செலுத்தினேன். மறுபடியும் 'வழி இல்லை'! இந்த முறை குற்றவாளி என் நோடின் ஞாபகசக்தி. முந்தைய தோல்விகளை அது மறக்கவில்லை; தோற்ற பாதையை ஒதுக்கிவைத்துத் தண்டித்துக்கொண்டிருந்தது. இயல்பான அமைப்பில் அந்தத் தண்டனையின் கடுமை பாதியாகக் குறையவே ஒரு மணி நேரம் ஆகும். அந்த நினைவை அழித்துவிட்டு முயன்றேன்:

```
lncli resetmc
```

சில விநாடிகளில் 1,50,000 சடோஷியும் ஒரே துண்டாகப் போய்ச் சேர்ந்தது.

அவசரத்தில் நான் திறந்த அந்த இரண்டாவது சேனலை, யாரோ ஒரு பெரிய நோடோடு திறக்காமல் நண்பரின் நோடோடு நேராகத் திறந்திருந்தால், முதல் நாளே வேலை முடிந்திருக்கும். இப்போது அது சும்மா கிடக்கிறது. முழுத் தொகையும் என் பக்கமே இருப்பதால் அதன் வழியே நானும் எதையும் பெற முடியாது. மூடலாம் என்றால் அதற்கும் பிளாக்செயின் கட்டணம் கேட்கிறது.