போட்டோவில் இருக்கும் இமெயிலையும் லிங்கையும் எழுத்து பிசகாமல் எடுப்பது

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் ஆன்லைன் சேவைக் கடை நடத்துபவர்களுக்கு இந்த வேலை தினமும் வரும். நோட்டீஸ் பாலக்காட்டில் மலையாளத்தில் அச்சாகியிருக்கும். யாரோ சுவரில் இருந்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள், அது நாலு குரூப் தாண்டி நம் கடைக்கு வந்து சேரும். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய இமெயிலும் படிவம் இருக்கும் லிங்கும் அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். "அண்ணா, இதுக்கு அனுப்பி விட்டுருங்க" என்று போனை நீட்டுவார்கள். அந்த இரண்டு வரியை நாங்கள் எப்படி எடுக்கிறோம் என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு எழுதுகிறோம். உண்மை முகவரியைப் பொதுவில் போட முடியாது. அதனால் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் `example.org` என்ற பெயரை வைத்துக்கொள்வோம். நோட்டீஸில் அச்சானது இது:

```
tamil_pirivu.ktr@example.org
https://example.org/Lm_Notice/2025__Il0.pdf
```

முதலில் நல்ல போட்டோ வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். அப்படிச் சுருங்கும்போது முதலில் அழிவது புள்ளியும் `_` குறியும்தான். படத்தை எடுத்தவரிடமே கேட்டு, கேலரி வழியாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் அப்படியே வரும். நோட்டீஸில் கியூஆர் கோடு இருந்தால் லிங்கை எழுத்து எழுத்தாகப் படிக்கவே தேவையில்லை. ஸ்கேன் செய்து வருவதைக் காப்பி செய்துகொள்ளலாம். இமெயிலுக்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

அடுத்து, ஒரே போட்டோவை இரண்டு தடவை, இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஒன்று கூகுள் லென்ஸ் மாதிரி ஒன்றை வைத்து எடுப்பது. மற்றது லென்ஸ் தந்ததைப் பார்க்காமல், படத்தைப் பெரிதாக்கிக் கையால் டைப் செய்வது. லென்ஸ் தந்ததைப் பார்த்துவிட்டால் கண் அதையே ஒத்துக்கொள்ளும், அதனால் கையால் அடிப்பதை முதலில் முடித்துவிடுங்கள். போனில் அடிப்பதானால் கீபோர்டில் தானாகப் பெரிய எழுத்து போடுவதையும் தானாகத் திருத்துவதையும் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் `tamil` என்பது `Tamil` ஆகும், `pirivu` வேறு ஏதோ ஆங்கில வார்த்தையாக மாறும். ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் புள்ளி விழுவதும் இதே அமைப்பில்தான் இருக்கிறது.

இரண்டையும் கம்ப்யூட்டரில் நோட்பேடில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, எழுத்துருவை Consolas என்று மாற்றுங்கள். இதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஆகவே ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அந்த இடத்திலிருந்து கீழ்வரி முழுக்க நகர்ந்து நிற்கும். சைபருக்குள் குறுக்குக் கோடு இருக்கும். சின்ன எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் மூன்று உருவத்தில் தெரியும். நம் லிங்கை இப்படி வைத்தால் பெரும்பாலும் வருவது இதுதான் (மேல்வரி கையால் அடித்தது, கீழ்வரி லென்ஸ்):

```
https://example.org/Lm_Notice/2025__Il0.pdf
https://example.org/Lm_Notice/2025_ll0. pdf
```

வேறுபடுகிற இடங்கள்தான் நம் வேலை. இரண்டு வரியும் ஒத்துப்போகிற இடங்களில் ஒரு பார்வை போதும்.

`_` குறியில் ஆரம்பிப்போம், அதிகம் குழப்புவது அதுதான். வேர்டில் அடித்த லிங்க் நீல நிறத்தில் அடிக்கோடிட்டே அச்சாகும். அந்தக் கோட்டுக்குள் `_` மறைந்துவிடும், லென்ஸ் அதை வெற்றிடம் என்று நினைத்துக்கொள்ளும். இமெயில் வரி `tamil pirivu.ktr@example.org` என்று வந்தால் காரணம் இதுதான். நாம் பயன்படுத்தும் இமெயிலிலோ லிங்கிலோ வெற்றிடம் வராது. லிங்கில் வெற்றிடம் தேவைப்பட்டால் அது `%20` என்று எழுதப்பட்டிருக்கும். ஆகவே அடிக்கோடிட்ட வரியின் நடுவில் ஓர் எழுத்தளவு காலியிடம் இருந்தால் அங்கே `_` என்று எடுத்துக்கொள்ளலாம். படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் அந்த இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் தடித்தோ கீழே இறங்கியோ தெரிவதும் உண்டு.

இனி, ஒன்றா இரண்டா என்பது. இரண்டு `_` சேர்ந்து வந்தால் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே நீளக் கோடாகத்தான் அச்சாகும். இதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஏரியலிலும் டைம்ஸ் நியூ ரோமனிலும் ஒரு `_` எடுத்துக்கொள்ளும் அகலம் ஓர் எண் எடுத்துக்கொள்ளும் அகலமேதான். கலிப்ரியிலும் ஏறக்குறைய அப்படியே. நம் லிங்கில் `2025` பக்கத்திலேயே இருக்கிறது. `20` எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று ஸ்கிரீனில் ஒரு தாளை வைத்துக் குறித்துக்கொண்டு, அதைக் கோட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். கோடு அதே நீளம் என்றால் `_` இரண்டு. லென்ஸ் ஒன்று என்று சொன்னது தவறு.

கோடு எங்கே இருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. `@` குறிக்குப் பின்னால் வரும் பெயரிலும், லிங்கில் `https://` முடிந்து அடுத்த சாய்கோடு வரை உள்ள பெயரிலும் `_` இருப்பதாகத் தெரிந்தால் அநேகமாக அது `-` தான். பதிவு செய்யும் இணையப் பெயரில் எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே அனுமதி. அதேபோல் `gmail.com` முகவரியின் முன்பகுதியிலும் `_` வராது. ஜிமெயில் பெயரில் எழுத்து, எண், புள்ளி இவை மட்டும்தான். அங்கே கோடு தெரிந்தால் புள்ளியை மறைத்த அடிக்கோடாக இருக்கலாம், அல்லது பின்பகுதி `gmail.com` இல்லாமல் வேறாக இருக்கலாம். திரும்பப் படியுங்கள்.

ஜிமெயிலில் புள்ளி விட்டுப்போனாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் போகும். இதைத் தெரிந்த பலர் எல்லா இமெயிலுக்கும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள். மற்ற பெரும்பாலான நிறுவனங்களில் `pirivu.ktr` ஒருவர், `pirivuktr` வேறொருவர். சில அரசுப் பக்கங்களில் `[at]` என்றும் `[dot]` என்றும் எழுதியிருப்பார்கள். அந்த இடங்களில் அடைப்புக்குறியோடு சேர்த்து எடுத்துவிட்டு `@`, `.` போட வேண்டும், இரண்டு பக்கமும் வெற்றிடம் விடாமல். லென்ஸ் `. pdf` என்று புள்ளிக்குப் பின் இடம் விட்டதும் இந்த வகைதான், அதை வாக்கியம் முடிந்த புள்ளி என்று நினைத்திருக்கிறது. உண்மையிலேயே வாக்கியம் முடிந்து லிங்கின் கடைசியில் ஒட்டி நிற்கும் புள்ளியை விட்டுவிட வேண்டும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் எது முக்கியம் என்று தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். இணையப் பெயரில் வித்தியாசமே இல்லை, `Example.ORG` என்று போட்டாலும் அதே இடம்தான். இமெயிலின் முன்பகுதியில் ஏட்டு விதிப்படி வித்தியாசம் உண்டு. நடைமுறையில் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை, அச்சில் இருப்பதை அப்படியே போட்டுவிடுங்கள். ஆனால் லிங்கில் இணையப் பெயருக்குப் பின்வரும் சாய்கோட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் அளவு மாறாமல் இருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர்கள் பொதுவாக மன்னித்துவிடும். லினக்ஸ் சர்வரில் `Lm_Notice` வேறு, `lm_notice` வேறு. `bit.ly`, `forms.gle` போன்ற சுருக்க லிங்குகளில் ஓர் எழுத்தின் அளவு மாறினால் லிங்க் திறக்காது, அல்லது அது இன்னொருவரின் லிங்காக இருக்கும்.

இனி `Il0`. நோட்டீஸ் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. கலிப்ரி என்றால் சின்ன எல் பெரிய ஐயைவிட உயரம். அதே நோட்டீஸில் `Kerala` என்றோ `India` என்றோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏரியலில் இரண்டும் ஒரே உயரம், போட்டோவில் பிரித்தறிய முடியாது. ஆனால் எண் ஒன்றுக்குத் தலையில் சாய்ந்த கொடி இருக்கும், அதனால் அது இல்லை என்று தள்ளலாம். கடைசி வட்டம் `2025`-இல் உள்ள சைபரைப் போலவே ஒடுங்கியிருக்கிறது. பெரிய ஓ இன்னும் அகலமாக இருக்கும். ஆக மீதிச் சந்தேகம் இரண்டு இடம், இடத்துக்கு இரண்டு எழுத்து, மொத்தம் நான்கு லிங்க். நான்கையும் பிரவுசரில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. `404` வந்தால் அது இல்லை. சில தளங்கள் `404` காட்டாமல் முகப்புக்குத் திருப்பிவிடும், அதையும் இல்லை என்றே கொள்ளுங்கள். திறந்த கோப்பில் நோட்டீஸ் எண்ணும் தேதியும் போட்டோவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணோ போன் எண்ணோ நிரப்புங்கள்.

இமெயிலை இப்படிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது. தவறான முகவரியில் வேறொருவர் இருந்தால் விண்ணப்பமும் சான்றிதழ் நகல்களும் அவரிடம் போய்விடும். திரும்பி வராததால் சரியாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, சில அலுவலகங்கள் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். `550 5.1.1` என்று திரும்பினால் `@` முன்பகுதி தவறு என்று பொருள். சந்தேகம் ஓர் எழுத்தில் மட்டும் என்றாலும் நோட்டீஸில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து அந்த ஓர் எழுத்தைக் கேளுங்கள். முழு முகவரியையும் சொல்லச் சொன்னால் அவர்கள் புள்ளியை விழுங்கிவிடுவார்கள். "தமிழுக்கும் பிரிவுக்கும் நடுவில் அண்டர்ஸ்கோரா, ஹைஃபனா?" என்று கேட்டால் நேரான பதில் வரும்.

மலையாள நோட்டீஸ்களில் மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையாளத்தில் ட வர்க்கத்தின் இரண்டாவது எழுத்து முழு வட்டம். லென்ஸ் மொழியை மலையாளம் என்று முடிவு செய்துவிட்டால் ஆங்கில ஓவின் இடத்தில் அந்த எழுத்தைப் போட்டுவிடக்கூடும். பார்வைக்குத் தெரியாது, லிங்க் மட்டும் திறக்காது. நோட்பேடில் Ctrl+F அழுத்தி ஆங்கில ஓவை டைப் செய்து தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வட்டத்தில் போய் நிற்காவிட்டால் அதை அழித்துவிட்டுக் கீபோர்டில் புதிதாக அடியுங்கள்.

கேட்டு வந்தவருக்கு அச்செடுத்துக் கொடுக்கும்போது வேர்டில் ஒட்டி ஸ்பேஸோ என்டரோ தட்டியதும் நீல அடிக்கோடு தானாக வரும். அதன் மேல் வலது கிளிக் செய்து `Remove Hyperlink` கொடுத்து, Consolas எழுத்தில், அளவு 16 வைத்து அச்சிடுங்கள். ஊரில் அதை மறுபடி யாராவது போட்டோ எடுத்து அனுப்பினாலும் `_` கோட்டுக்குள் மறையாது.