முழங்கை முனையில் முட்டை போல வீக்கம்: அது சீழ் வைத்த கதை

வேலூர் மண்டித் தெருவில் ஒரு தானிய மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இருபது வருடமாக ஒரே பழக்கம்: இடது முழங்கையை மேஜையில் ஊன்றி, அந்தக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுதுவேன். போன சித்திரையில் ஒரு நாள் குளிக்கும்போது இடது முழங்கை முனையில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால், அவித்து ஓடு உரித்த முட்டையைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. அழுத்தினால் தளதளவென்று நீர் நகர்ந்தது. வலி துளியும் இல்லை.

எங்கள் தெரு டாக்டரிடம் காட்டினேன். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். முழுக்க மடக்கும்போது மட்டும் தோல் இழுத்தது. "இது பர்சைட்டிஸ். முழங்கை எலும்புக்கும் தோலுக்கும் நடுவே எல்லாருக்கும் ஒரு சின்னப் பை உண்டு, காற்றில்லாத பலூன் மாதிரி ஒட்டிக் கிடக்கும். எலும்பு மேல தோல் வழுக்கிப் போறதுக்காக இருக்கிறது. நீங்க ஊன்றி ஊன்றி அதை நசுக்கினதால நீர் சுரந்து உப்பிடுச்சு" என்றார்.

ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். மறுத்துவிட்டார். எடுத்தாலும் பல பேருக்குத் திரும்ப ஊறும். அதைவிட, சுத்தமாக இருக்கும் நீருக்குள் ஊசியே கிருமியைக் கொண்டு போய்விடலாம், அதிலும் எனக்குச் சர்க்கரை வேறு. ஊன்றாமல் இருந்தால் சில வாரங்களில் தானே வற்றும் என்று சொல்லி, முழங்கைக்கு மெத்தை உறை போடச் சொன்னார். கிளம்பும்போது, "சிவந்தாலோ சூடானாலோ தொட்டா வலிச்சாலோ அன்னைக்கே வரணும்" என்றார். தலையாட்டினேன். அந்தச் சொல் எனக்குள் இறங்கவில்லை.

மூன்று வாரம் அப்படியே இருந்தது. மண்டிக்கு வருகிற ஒரு பெரியவர், "மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடுங்க, ஒரே நாள்ல வத்திடும்" என்றார். போட்டேன். கத்திரி வெயிலில் பற்று காய்ந்து ஓடாகிவிட்டது. இரவு அதைப் பிய்த்து எடுத்தபோது மிளகு அளவுக்குத் தோலும் சேர்ந்து வந்தது. லேசான எரிச்சல், ஒரு சொட்டு ரத்தம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீக்கத்தின் மேல் தோல் ஏற்கெனவே இழுபட்டு மெலிந்திருக்கிறது, அதில் சுண்ணாம்பு வைத்திருக்கவே கூடாது. கிருமி உள்ளே போக அந்த மிளகு அளவு புண்ணே போதும்.

இரண்டாம் நாள் காலையில் வீக்கத்தின் நிறம் மாறியிருந்தது. அதுவரை தோல் நிறமாகவே இருந்தது இப்போது செம்பருத்தி நிறத்தில் பளபளத்தது. முக்கியமானது இதுதான்: சிவப்பு முட்டையின் எல்லையோடு நிற்கவில்லை, முன்கைப் பக்கமாக நான்கு விரல் இறங்கியிருந்தது. என் மனைவி புறங்கையை முதலில் வலது முழங்கையில் வைத்தாள், பிறகு இடது முழங்கையில் வைத்தாள். "ஏங்க, இது அடுப்புல வச்ச மாதிரி கொதிக்குது" என்றாள். சட்டைக் கை உரசினாலே சுரீர் என்றது. முந்தின வாரம் அழுத்தினாலும் வலிக்காத இடம் அது.

ஆனால் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது. காய்ச்சல் இல்லையே, சூட்டுக் கட்டியாக இருக்கும் என்று அன்றைக்கும் மண்டிக்குப் போய்விட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். இந்தப் பை தோலுக்கு அடியிலேயே இருப்பதால், சீழ் வைத்தாலும் பலருக்கு முதலில் காய்ச்சலே வராது என்று டாக்டர் பிறகு சொன்னார். என் உடம்பு வேறு வழியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வழக்கமாக வெறும் வயிற்றில் 130 பக்கம் நிற்கும் சர்க்கரை மறுநாள் காலையில் 236 காட்டியது. சாப்பாட்டிலோ மாத்திரையிலோ ஒரு மாற்றமும் இல்லை. அக்குளில் நெறி கட்டியிருந்தது. மதியம் அந்த வெயிலிலும் குளிர் நடுக்கியது. அப்போதுதான் எங்கள் தெரு டாக்டரிடம் போக ஆட்டோ பிடித்தேன்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பு டாக்டர் முதலில் வீக்கத்தைத் தொடவே இல்லை. முழங்கையை அசைக்காமல் என் உள்ளங்கையை மேலும் கீழும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்ட வைத்தார். இரண்டிலும் பெரிய வலி இல்லை. மூட்டுக்குள்ளேயே சீழ் இருந்தால் இந்தச் சின்ன அசைவுக்கே கத்தியிருப்பீர்கள், இது வெளியே இருக்கிற பையோடு நிற்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். மருந்து கேட்கிறதா, சிவப்பு கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை.

இந்த முறை ஊசி போட்டே ஆக வேண்டும். முனையில் நேராகக் குத்தாமல், பக்கவாட்டில் நல்ல தோல் வழியாக ஊசியைச் செலுத்தினார். ஊன்றும் இடத்தில் நேராகக் குத்தினால் அந்த ஓட்டை ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கலாமாம். சிரிஞ்சில் வந்தது நான் நினைத்த மாதிரி கெட்டிச் சீழ் இல்லை. பால் அதிகம் விட்ட டீ மாதிரி கலங்கலாக இருந்தது. அதில் பாதியைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், மீதியை அணுக்களையும் யூரிக் அமிலப் படிகங்களையும் பார்க்கவும் அனுப்பினார்கள். கவுட் என்கிற வாதத்திலும் இதே மாதிரி சிவந்து கொதிக்குமாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டையும் தேடத்தான் வேண்டும்.

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லி, அதற்குக் காத்திருக்காமல் அன்றே நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். சர்க்கரை இருப்பதால் மூன்று நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். முதல் நாள் இரவு சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் போனது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தது. மூன்றாம் நாள் கல்ச்சரில் ஸ்டஃபிலோகாக்கஸ் வந்தது, நம் தோலிலேயே வாழ்கிற கிருமி. ஏற்றிய மருந்து அதற்குக் கேட்கிறது என்றும் தெரிந்தது. இடையில் ஒரு முறை மறுபடியும் ஊறிய நீரை எடுத்தார்கள். அப்புறம் மாத்திரை, எல்லாம் சேர்த்து இரண்டு வாரம். சிவப்பு ஐந்தே நாளில் போய்விட்டது, ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. பைக்குள் ரத்த ஓட்டம் குறைவு, பாதியில் விட்டால் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

வீக்கம் முழுதாக வடிய ஆடி பிறந்துவிட்டது. மண்டி மேஜையில் இப்போது கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் ஒரு மடித்த துண்டு கிடக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறேன். முழங்கை முனையில் தோல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. உருட்டினால் உள்ளே கடுகு மாதிரி ஒன்றிரண்டு தட்டுப்படும். பையின் சுவர் தடித்த இடங்கள் அவை, வலிக்காதவரை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். விட்டுவிட்டேன். தினமும் குளித்த பிறகு புறங்கையை வலது முழங்கையில் ஒரு தரம், இடது முழங்கையில் ஒரு தரம் வைத்துப் பார்க்கிறேன்.