குறைந்த விலைப் பலகைக்கு எதிரே

குன்னூர் பெட்போர்டு பகுதியில் நான் நடத்தும் சிறு அழகு நிலையத்துக்கு இருநூறு அடி தள்ளி, ஓர் அக்டோபர் மாதம் புதிய பார்லர் ஒன்று திறந்தது. நாங்கள் 800 ரூபாய் வாங்கும் ஃபேஷியலுக்கு 500 ரூபாய் என்று வாசலில் பலகை வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த என் உதவியாளர், "அக்கா, நாமளும் ஐநூறுன்னு எழுதிடலாமா?" என்று கேட்டாள். எனக்கும் அன்று மாலையே எழுதிவிடத் தோன்றியது. ஆனாலும், கணக்குப் பார்க்காமல் பலகையைத் தொடுவதில்லை என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அன்றிரவு ஒரு ஃபேஷியலின் செலவைத் தனியாக எழுதினேன். கிரீம், பேக் முதலியவற்றுக்கு 180 ரூபாய். துண்டு, விரிப்பு, வெந்நீருக்கு 40 ரூபாய். செய்பவருக்குத் தரும் பத்து சதவீத ஊக்கத்தொகை 80 ரூபாய். ஆக, 800 ரூபாயில் 500 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் போகின்றன. விலையை 500 ஆக்கினால் ஊக்கத்தொகை மட்டும் 50 ஆகக் குறையும், மற்ற செலவுகள் அப்படியே நிற்கும். மிஞ்சுவது 230 ரூபாய். விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைத்தோம் என்று நினைப்போம். உண்மையில் மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு நவம்பரில் 54 ஃபேஷியல் செய்ததாக என் நோட்டில் இருந்தது. அவற்றின் மிச்சமான 27,000 ரூபாயைப் புதிய விலையில் எடுக்க வேண்டுமென்றால் 118 பேர் வர வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே கட்டில். தயாரிப்பு, துடைப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எங்கள் வாடிக்கையாளர்களோ சனி, ஞாயிறுகளில்தான் மொத்தமாக வருவார்கள். அத்தனை பேரே வந்தாலும் அவர்களை உட்கார வைக்க எனக்கு இடமில்லை.

அடுத்து, விலையைக் குறைக்காமலே இருந்தால் எத்தனை பேரை இழக்கலாம் என்று திருப்பிக் கணக்கிட்டேன். விலையைக் குறைத்து 54 பேரையும் ஒருவர் விடாமல் தக்கவைத்துக்கொண்டால்கூட மிஞ்சுவது 12,420 ரூபாய்தான். பழைய விலையில் 25 பேர் வந்தாலே அதை எட்டிவிடலாம். ஆகவே எண்ணிக்கை 25க்குக் கீழே போகும்வரை பலகையை மாற்றுவதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதன்பின் தினமும் எதிர் வாசலை எண்ணும் பழக்கம் தானாகவே குறைந்தது.

நவம்பரில் 42 பேர் வந்தார்கள். அக்டோபரில் வந்த 60 பேரோடு ஒப்பிட்டிருந்தால், பதினெட்டுப் பேரைப் போட்டிக்காரர் கொண்டுபோய்விட்டார் என்று பதறியிருப்பேன். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும், மக்கள் வீட்டைவிட்டு வெளியே வராததும் வழக்கம். அதனால் சென்ற ஆண்டின் அதே மாதத்தைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் போனவர்கள் பன்னிரண்டு பேர்.

அவர்களிலும் ஏழு பேர் புருவத் திரெடிங்குக்கு எங்களிடமே வந்துகொண்டிருந்தார்கள். முகம் எங்கே செய்துகொண்டீர்கள் என்று கேட்கக் கூடாது, அந்தக் கடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று உதவியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கேட்டிருந்தால், சங்கடத்தில் திரெடிங்குக்கும் வேறு இடம் பார்த்திருப்பார்கள். அவர்களில் ஒரு பெண் தானாகவே, "அங்கே பேக் காயுறதுக்குள்ளேயே எழுப்பிட்டாங்க அக்கா" என்றார். நான் சிரித்ததோடு சரி. குறைந்த விலைக்குச் செய்பவர் நேரத்தைத்தான் சுருக்க முடியும். அவருடைய நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் செய்த ஒரே மாற்றம், செவ்வாய் முதல் வியாழன்வரை மட்டும் 450 ரூபாய்க்கு நாற்பது நிமிட ‘கிளீன்-அப்’ ஒன்றைத் தொடங்கியது. அதில் பொருள் 70, துண்டு வகை 30, ஊக்கத்தொகை 45 போக 305 ரூபாய் நிற்கும். மணிக்கணக்கில் பார்த்தால் இது ஃபேஷியலைவிடச் சற்றுக் கூடுதலாகவே வருகிறது; காலியாகக் கிடந்த கட்டிலும் நிரம்பியது. கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது, 800 ரூபாய் கொடுப்பவர்களும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. திரெடிங்கில் பொருள் செலவு என்பது நூல்தான். அதில் விலைப் போட்டி வந்திருந்தால் என் 25 என்ற எல்லை வேறாக இருந்திருக்கும். நீண்ட நாள் நட்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய நிறுவனம் எதிரே வந்திருந்தாலும் அப்படியே.

பிப்ரவரியில் எதிர்க்கடைப் பலகையில் 700 என்று இருந்தது. போனவர்களில் நான்கு பேர் திரும்பியிருந்தார்கள். உதவியாளர் இப்போது மாதக் கடைசியில் தானே நோட்டை எடுத்து, சென்ற ஆண்டின் பக்கத்தைப் புரட்டி வைக்கிறாள்.