பிரிண்டர் வாங்குவதற்கு முந்தைய ஐந்து நாள்

ஈரோட்டுக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல் வாசம். ஜெராக்ஸ் கடைகள் எல்லாம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. எங்கள் ஹாஸ்டல் கேட்டை மாலை 6:30க்கு மூடிவிடுவார்கள். பிடிஎஃப் கையில் வருவது இரவு ஏழு மணிக்கு, அதைத் தாளில் கேட்பது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. இந்த அவதியை ஐந்து செமஸ்டராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்பு முடித்துப் போன ஒரு அக்கா தன் பழைய லேசர் பிரிண்டரை 12,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். அறையிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஸ்காலர்ஷிப் பணம் கையில் இருந்தது, ஆனால் செமஸ்டர் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் பாக்கி. அதனால் பணத்தைத் தொடாமல், படிப்பும் கெடாமல் இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று யோசித்தேன்.

முதலில் இருபது பேரிடம், “நான் ராத்திரி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தா வாங்கிக்குவியா?” என்று கேட்டேன். இருபது பேருமே “சூப்பர்டி, கண்டிப்பா” என்றார்கள். எல்லோரும் தலையாட்டியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தோழி கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்? இரண்டு நாள் கழித்து, அவர்களில் பன்னிரண்டு பேரிடம் கேள்வியை மாற்றினேன். “கடைசியா எப்போ பிரிண்ட் எடுத்தே? எத்தனை பக்கம்? யார் போய் வாங்கிட்டு வந்தாங்க?” ஐந்து பேர் அந்த மாதம் ஒரு பக்கம்கூட எடுத்திருக்கவில்லை. நாலு பேர் வெளியே போன அறைத்தோழியிடம் சொல்லி வாங்கியிருந்தார்கள். தானே கடைக்குப் போய்வந்தவர்கள் மூன்று பேர்தான். நடந்ததைக் கேட்டால் பதில் இப்படித் தெளிவாக வருகிறது. நடக்கப்போவதைக் கேட்டால் நம் மனசு நோகாத பதில்தான் வருகிறது.

அப்புறம் வார்டன் மேடத்திடம் போய்ச் சொன்னேன். வெளியாள் ஹாஸ்டலுக்குள் வரக்கூடாது, நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு சரி என்றார். இதை முதலிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் ஐந்து நாளும் பயந்துகொண்டே செய்திருப்பேன்.

பிரிண்டருக்குப் பதில் கடையையே பயன்படுத்தினேன். கடை அண்ணன் பக்கத்துக்கு 1 ரூபாய் வாங்குவார். இரவு வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பினால் காலை 7:30க்குத் தயாராக வைத்திருக்க ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டியில் வரும் டே ஸ்காலர் தோழி ஒருத்தி அந்த வழியாகத்தான் வருகிறாள். எடுத்துவந்து கொடுப்பதற்கு நாளுக்கு 20 ரூபாய் என்று பேசினோம். வேண்டாம் என்றுதான் சொன்னாள். நட்புக்காகச் சும்மா செய்தால் கணக்கு பொய்யாகிவிடும் என்று நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன்.

எங்கள் ஃப்ளோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட செய்தி இவ்வளவுதான்: “திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். இரவு 8 மணிக்குள் பிடிஎஃப் அனுப்பணும். பக்கம் 1.50 ரூபாய். ஜிபே முன்பணம் வந்த பிறகுதான் ஆர்டர். காலை 8:15க்கு மெஸ் வாசலில் வாங்கிக்கலாம்.” முன்பணம்தான் இதில் முக்கியம். அதனால் என் கைக்காசு ஒரு ரூபாயும் போடவில்லை. யாருக்கு உண்மையிலேயே வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. கண்டிப்பாக வாங்குகிறேன் என்ற இருபது பேரில் முதல் நாள் பணம் அனுப்பியவர்கள் இரண்டு பேர்.

தொடங்கும் முன்பே ரஃப் நோட்டில் மூன்று வரி எழுதி வைத்தேன். பத்து பேராவது பணம் கட்ட வேண்டும். நாலு பேராவது இரண்டாம் முறை வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அன்றே நிறுத்திவிட வேண்டும். முன்னாலேயே எழுதாமல் விட்டால், எந்த எண் வந்தாலும் அதையே வெற்றி என்று சொல்லிக்கொள்ளத் தோன்றும்.

வேலை என்று பார்த்தால் பக்கம் எண்ணுவதில்தான் நேரம் போயிற்று. ஒருத்தி 86 ஸ்லைடு பிபிடி அனுப்பினாள். ஒரு பக்கத்துக்கு நாலு ஸ்லைடு போட்டால் 22 பக்கம். முன்னும் பின்னும் அடித்தால் 11 தாள், அவளுக்கு 33 ரூபாய். இதை அவளுக்கு விளக்கி, சரி வாங்கி, கடைக்கும் அதே மாதிரி எழுதி அனுப்ப எட்டு நிமிடம் ஆனது. செவ்வாய்க்கிழமை ஒரு வேர்டு ஃபைலை அப்படியே வாங்கிவிட்டேன். கடை கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை. படம் ஒரு பக்கம், அதன் விளக்கம் அடுத்த பக்கம் என்று 38 பக்கமும் இடம் மாறி வந்தது. என் தவறு, என் லாபத்திலிருந்தே மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பிடிஎஃப் தவிர எதையும் வாங்கவில்லை. முழுப் பாடப்புத்தக ஸ்கேனை ஒருத்தி அனுப்பினாள், அது காப்பிரைட் விஷயம் என்பதால் மறுத்துவிட்டேன்.

ஐந்து நாளில் 2, 1, 3, 4, 4 என்று மொத்தம் 14 ஆர்டர், 612 பக்கம். வந்த பணம் 918 ரூபாய். கடைக்கு, மறு அச்சும் சேர்த்து, 650. தோழிக்கு 100. மிச்சம் 168 ரூபாய். தினம் சராசரி 45 நிமிடம் போட்டிருந்தேன், ஆக ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ரூபாய். பணம் கட்டியவர்கள் 11 பேர். திரும்ப வந்தவர்கள் மூன்றே பேர், நான் எழுதி வைத்த நாலுக்கு ஒன்று குறைவு.

இதைவிட முக்கியமான ஒன்று அப்புறம்தான் கண்ணில் பட்டது. அடுத்த திங்கள் இன்டர்னல் தேர்வு. வியாழன், வெள்ளி இரண்டு நாளில் மட்டும் 422 பக்கம், பெரும்பாலும் பழைய வினாத்தாள்கள். சாதாரண நாட்களான முதல் மூன்றில் 190 பக்கம்தான். தேர்வு நேரத்தில் எதைச் சோதித்தாலும் இந்த வீக்கம் கலந்துவிடும், அதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். சொந்த பிரிண்டர் என்றால் தாளும் டோனரும் சேர்த்துப் பக்கத்துக்குச் சுமார் 60 பைசா ஆகும் என்றார் கடை அண்ணன். அப்படியானால் பக்கத்துக்கு 90 பைசா நிற்கும். சாதாரண வாரத்துக்கு 317 பக்கம் என்று வைத்தால் 285 ரூபாய். 12,000 ரூபாயை எடுக்கவே 42 வாரம். எனக்கு இன்னும் மூன்று செமஸ்டர் இருக்கிறது, செமஸ்டருக்கு 15 வாரம் என்றால் 45 வாரம். பிரிண்டர் ஒருமுறைகூடப் பழுதாகாமல் ஓடினால், போட்ட பணம் திரும்பும்போது நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

அக்காவிடம் வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன். ஸ்டடி ஹாலிடேஸ் தொடங்குவதற்கு முன் திரும்ப வராத எட்டு பேரில் ஐந்து பேரைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். மூன்று பேருக்குத் தேவை ஒருமுறையோடு முடிந்துவிட்டது. இறுதியாண்டு அக்காக்கள் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் வேணும்டா. நீ தாள் மட்டும் கொடுத்தா எப்படியும் நாங்க கடைக்குத்தானே போகணும்.” திரும்ப வந்த மூன்று பேரும்கூட பைண்டிங் உண்டா என்று கேட்டவர்கள்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்ட அன்று அதை நான் குறித்துக்கூட வைக்கவில்லை.

தேர்வு முடிந்துவிட்டது. ஜனவரியில் பைண்டிங்கோடு ஒரே ஒரு வாரம், இறுதியாண்டு ஃப்ளோரில் மட்டும் பார்க்கப்போகிறேன். நாலு பேராவது 50 ரூபாய் முன்பணம் அனுப்பிய பிறகுதான் கடை அண்ணனிடம் பேச்சு. இப்போதைக்கு ரஃப் நோட்டில் இரண்டு பெயர் இருக்கிறது.