மூடும் குறி இருந்த இடம்

அந்த வரியில் பேச்சை மூடும் மேற்கோள் குறியை எடுத்தது சரிதானா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. நிகழ்காலத்தில் சொல்லப்படும் ஒரு பிரெஞ்சு நாவல். மூலப்படியில் இருந்தது இது:

```
« Je ne vends pas », dit-il. La maison est vide.
```

‘விற்க மாட்டேன்’ என்கிறான். வீடு காலியாக இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் கதைசொல்லியுடையது. அதைச் சொல்வது » என்ற ஒரே குறிதான்.

பிரெஞ்சில் பழைய முறைப்படி உரையாடல் « குறியோடு தொடங்கும். ஆள் மாறும்போதெல்லாம் புதுப் பத்தியில் நீள்கோடு வரும். பேச்சு முழுதும் ஓய்ந்த பிறகே » வந்து மூடும். நடுவில் வரும் தி-தில், அதாவது ‘என்றான்’, காற்புள்ளிகளுக்கிடையே நின்றால் போதும். அதற்காகக் குறியை மூடித் திறப்பதில்லை. பேச்சு கேள்விக்குறியில் முடிந்தால் அந்தக் காற்புள்ளியும் வேண்டாம், ஆனால் வினைச்சொல் சிற்றெழுத்தில்தான் தொடங்க வேண்டும். புதிய முறையோ « » என்ற கோணக் குறிகளை விட்டுவிட்டு எல்லாப் பேச்சையும் கோட்டிலேயே தொடங்குகிறது. பதிப்பகம் கேட்டது புதிய முறை. மாற்றியதும் வரி இப்படி ஆனது:

```
— Je ne vends pas, dit-il. La maison est vide.
```

இப்போது வீடு காலி என்று சொல்வது யார்? அவனே சொல்வதாகத்தான் வாசகர் படிப்பார், ஏனென்றால் தி-திலுக்குப் பிறகும் பேச்சு தொடர்வது சாதாரணம். கதை இறந்தகாலத்தில் நடந்திருந்தால் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே அந்தத் துணையும் இல்லை.

செய்திருக்க வேண்டிய வரிசை தெரிந்ததுதான். வேர்டில் முதலில் பத்தி முடிவில் வரும் மூடும் குறிகளை மட்டும் தேடி நீக்க வேண்டும். குறிக்கு முன்னால் பிரியாத இடைவெளி இருப்பதால் அதற்கு `^s`, பத்தி முடிவுக்கு `^p`. மாற்றி இட வேண்டியது `^p` மட்டும், தேடும் சரம் இது:

```
^s»^p
```

பிறகும் மிஞ்சுகிற ஒவ்வொரு » குறியையும் கண்ணால் பார்க்க வேண்டும். அவற்றில் சில, பேச்சுக்குள் வரும் மேற்கோள்கள்; அவை அப்படியே இருக்கட்டும். மற்றவை இந்த வரியைப் போன்றவை. அவற்றைத் தொகுப்பாக நீக்கவே கூடாது.

கடைசியில் எடுத்த முடிவு பத்தியைப் பிரிப்பது:

```
— Je ne vends pas, dit-il.
La maison est vide.
```

கோடில்லாத பத்தி என்றால் கதைசொல்லி, குழப்பம் தீர்ந்தது. ஆனால் எழுத்தாளரின் பதில் ஒரே வரி: “அவன் மறுப்பும் அந்த வெறுமையும் ஒரே மூச்சில் வர வேண்டும் என்றுதான் ஒரே பத்தியில் வைத்தேன்.” பொருளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று அப்போது பட்டது. வழி இருந்தது: இந்த நாவலுக்கு மட்டும் கோணக் குறிகளை விட்டுவைக்கும்படி பதிப்பகத்தைக் கேட்டிருக்கலாம். ஒரு வரிக்காக ஒரு நூலின் முறையையே மாற்றக் கேட்பது மிகை என்று தோன்றியது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால், இரண்டு வரிகளுக்கும் நடுவே அவன் சற்று நிறுத்தி மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. மூலப்படியில் அந்த நிறுத்தம் இல்லை.